முதல் வணக்கம்: கூச்சமுள்ளவர்களுக்கு டர்பனிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

தென் ஆப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில், ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். இரண்டு வகையானவர்கள் வருகிறார்கள். இங்கேயே பிறந்து, பாட்டி பேசிய தமிழைக் காதால் மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் ஒரு பக்கம். வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து, இரண்டு வார்த்தை தமிழில் பேச ஆள் கிடைக்குமா என்று தேடி வருகிறவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பிலும் கூச்சமுள்ளவர்கள் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "பேச ஆரம்பித்துவிட்டால் பேசிவிடுவேன் அக்கா. அந்த முதல் வார்த்தைதான் உயிரை வாங்குகிறது."

இந்த வழிகாட்டி அந்த முதல் வார்த்தைக்கு மட்டுமானது. நண்பர்களைச் சேர்ப்பது, மேடையில் பேசுவது எல்லாம் வேறு கதை. இங்கே நாம் கவனிக்கப் போவது ஒரு சந்திப்பின் முதல் பத்து விநாடி. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். சறுக்கியவர்களில் பெரும்பாலோர் ஏழாவது படியிலிருந்து தொடங்கியவர்கள்.

1. சோர்வு எங்கே பிறக்கிறது என்று பாருங்கள்

கூச்சம் வேறு, தனிமை விரும்புவது வேறு. தனிமை விரும்புகிறவருக்குப் பேசும் ஆசையே குறைவு, அவர் ஒதுங்கி நிம்மதியாக இருப்பார். கூச்சமுள்ளவர் பேச ஆசைப்பட்டும் முடியாமல் நிற்பார். ஜொனாதன் சீக், அர்னால்ட் பஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1981-இல் இந்த இரண்டையும் தனித்தனியாக அளந்து காட்டினார்கள். கூச்சமும் பழகும் ஆசையும் ஒருங்கே உள்ளவர்கள்தான் புதியவரோடு பேசும்போது அதிகமாகத் தவித்தார்கள். நீங்கள் இதைப் படிப்பதே அந்த ஆசை உங்களுக்கு இருப்பதால்தான்.

அந்த முதல் வார்த்தை நம்மைச் சோர்வடைய வைக்கக் காரணம், ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்வது. இருவர் பேசும்போது ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையே விழும் மௌனம் ஏறக்குறைய 200 மில்லி விநாடிதான், அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரே ஒரு சொல்லைத் தேர்ந்து வாய்க்குக் கொண்டுவரவே 600 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. ஆகவே எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் அடுத்ததைத் தயார் செய்தாக வேண்டும். கேட்பது ஒரு வேலை, தயாரிப்பது இன்னொரு வேலை. இது எல்லோருக்கும் உள்ளதுதான். பேச்சின் நடுவில் இது உறைக்காது, ஏனென்றால் பேசும் பொருளே அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடும். தொடக்கத்தில் பொருளே கிடையாது. எதைச் சொன்னாலும் சரி என்ற நிலை. அதனால்தான் எதைச் சொல்வது என்று தெரியாமல் திணறுகிறோம்.

கூச்சமுள்ளவர் இதன்மேல் மூன்றாவது வேலையையும் ஏற்றிக்கொள்கிறார். தன்னைத்தானே கண்காணிக்கிறார். குரல் நடுங்குகிறதா, கையை எங்கே வைப்பது, முகம் சிவந்துவிட்டதா என்று உள்ளே ஒரு கண் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு மருத்துவ உளவியலாளர்கள் 1995-இல் இதை விளக்கியபோது ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார்கள். பிறர் கண்ணுக்கு நாம் இப்படித் தெரிகிறோம் என்று மனத்தில் தோன்றும் படம், பிறர் முகத்தைப் பார்த்து வரைந்தது அல்ல. நம் நெஞ்சுப் படபடப்பை வைத்து நாமே வரைந்துகொண்டது.

கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வருகின்றன. வார்த்தையை முன்பே முடிவு செய்துவிட்டால் தயாரிக்கும் வேலை இல்லை. கவனத்தை வெளியே திருப்பினால் கண்காணிக்கும் வேலை குறைகிறது. மிச்சம் இருப்பது கேட்பது மட்டுமே. கேட்பதில் கூச்சமுள்ளவர்கள் பெரும்பாலும் கெட்டிக்காரர்கள்.

2. முன்கூட்டியே வேண்டியவை: ஓர் ஆள், ஓர் இடம், ஒரு குறிப்பேடு

தினமும் தற்செயலாகச் சந்திக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் அங்கே வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும். சந்திப்பு தானாகவே அரை நிமிடத்தில் முடிய வேண்டும். இந்த ஊரில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. குடியிருப்பு வாசலில் காவலர் இருக்கிறார். பெட்ரோல் பங்கில் நாமே பெட்ரோல் போட்டுக்கொள்வது இங்கே இல்லை, ஒருவர் வந்து போடுவார். கடை வாகன நிறுத்தத்தில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள் இருப்பார்.

ஒரே ஆள் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தினம் ஒரு புது முகம் என்றால் ஒவ்வொரு நாளும் முதல் நாளாகவே இருக்கும். அதே முகம் என்றால் மூன்றாம் நாளே பயத்தில் பாதி கரைந்துவிடும்.

இடம் பகல் வெளிச்சம் உள்ளதாக, ஆள் நடமாட்டம் உள்ளதாக இருக்கட்டும். வெறிச்சோடிய தெருவில் முன்பின் தெரியாதவரை நிறுத்திப் பேச வேண்டாம். இந்த நகரத்தில் அந்த எச்சரிக்கை கூச்சத்தில் சேராது.

கல்யாண வீடு, அலுவலக விருந்து, குடும்ப விழா ஆகியவை வேண்டாம். அங்கே சந்திப்பு எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. முடிவு தெரியாத சந்திப்பில்தான் கூச்சம் ஆளை விழுங்குகிறது.

3. முதலில் விடைபெறப் பழகுங்கள்

வகுப்பில் இதைச் சொன்னால் எல்லோரும் வியப்பாகப் பார்க்கிறார்கள். வணக்கம் சொல்லவே வரவில்லை, அதற்குள் விடைபெறுவதா என்று கேட்கிறார்கள். ஆனால் கூச்சமுள்ளவரைத் தடுத்து நிறுத்தும் பயத்தை நெருங்கிப் பார்த்தால், "எப்படித் தொடங்குவேன்" என்பதன் அடியில் "எப்படி வெளியே வருவேன்" என்ற பயம்தான் இருக்கிறது. வெளியே வரும் வழி கையில் இருந்தால் உள்ளே போகும் தைரியம் வருகிறது.

தமிழில் "போகிறேன்" என்று சொல்லமாட்டோம், "போய் வருகிறேன்" என்போம். இங்கே பலரும் பேசும் சூலு மொழியிலும் விடைபெறுவதற்கு இதே போன்ற அக்கறை உண்டு. கிளம்புகிறவர் "சாலா காஷ்லே" என்கிறார், நலமாக இருங்கள் என்று பொருள். இருப்பவர் "ஹம்பா காஷ்லே" என்கிறார், நலமாகப் போய் வாருங்கள் என்று பொருள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். நீங்கள் கிளம்புகிறவர் என்றால் உங்கள் சொல் "சாலா".

ஆங்கிலத்திலேயே சொல்கிறவர்கள் ஒரே ஒரு வரியை வைத்துக்கொண்டால் போதும். "சரி, வேலைக்கு நேரமாகிறது, நல்லபடியாக இருங்கள்" என்ற பொருளில் எது வாய்க்கு எளிதோ அது. ஒரு விதி மட்டும் உண்டு. விடைபெறும் வரியைச் சொல்லும்போது கால் நகரத் தொடங்கியிருக்க வேண்டும். சொல்லிவிட்டு அங்கேயே நின்றால் இருவருக்கும் சங்கடம்.

4. ஊர் வழக்கத்தையே உங்கள் வசனமாக்குங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். முன்பின் தெரியாதவரிடம் நாம் பொதுவாக வணக்கம் சொல்வதில்லை. "அண்ணா, இந்தப் பஸ் மார்க்கெட் போகுமா?" என்று நேரே விஷயத்துக்கு வருவோம். "அண்ணா" என்ற சொல்லே மரியாதையைச் சுமந்துவிடும். இங்கே அது போதாது. முதலில் முகமன், பிறகு நலம் விசாரிப்பு, அதன் பிறகே விஷயம். முகமன் சொல்லாமல் கேள்வி கேட்டால், கேட்டவர் கூச்சத்தால் சுருக்கினார் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். மதிக்கவில்லை என்றுதான் நினைப்பார்கள்.

கூச்சமுள்ளவருக்கு இது சுமை போலத் தெரியும். உண்மையில் இது பெரிய உதவி, ஏனென்றால் வசனம் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. ஒருவரோடு பேசும்போது அது இப்படிப் போகும்:

"சவுபோனா."
"யேபோ, சவுபோனா. உன்ஜானி?"
"ங்கிகோனா. வேனா உன்ஜானி?"
"நாமி ங்கிகோனா."

வணக்கம், ஆம் வணக்கம், எப்படி இருக்கிறீர்கள், இருக்கிறேன், நீங்கள், நானும் இருக்கிறேன். அவ்வளவுதான். "சவுபோனா" என்பதற்கு "உங்களைக் காண்கிறோம்" என்று பொருள் சொல்வார்கள். எதிரே ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்தால் "சனிபோனானி".

உறவுச் சொல் சேர்ப்பது நல்லது. மூத்த ஆணுக்கு "பாபா", மூத்த பெண்ணுக்கு "மாமா". இந்த இடத்தில் நம்மவர்கள் திகைத்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். ஐம்பது வயது அம்மாளைப் பார்த்து "மாமா" என்று கூப்பிட நாக்கு எழவில்லை என்றாள் ஒரு பெண். சூலுவில் அந்தச் சொல்லுக்கு அம்மா என்று பொருள். வீட்டில் பத்து முறை சொல்லிப் பார்த்த பிறகுதான் அவளுக்கு வந்தது. நம் வயதினருக்கு "பூட்டி" என்றால் அண்ணன் தம்பி, "சிசி" என்றால் அக்கா தங்கை.

இந்த வசனத்தில் புத்திசாலித்தனத்துக்கு வேலை இல்லை. மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-இல் எழுதிய கட்டுரையில், இப்படிப்பட்ட பேச்சு கருத்தைச் சொல்வதற்கானது அல்ல, மனிதர்களைப் பிணைப்பதற்கானது என்றார். நம் ஊர்த் திண்ணையில் "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்பவர் சோற்றுக் கணக்குக் கேட்பதில்லை. அதே போலத்தான் இங்கே "உன்ஜானி". உங்கள் உடல்நிலையை விவரிக்க வேண்டாம், நல்ல பதிலையும் தேட வேண்டாம்.

5. வாயால் சொல்லிப் பழகுங்கள், மனத்தால் அல்ல

வசனத்தை வீட்டில் சத்தமாகச் சொல்லுங்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை, மூன்று நாள். சமையலறையில், குளியலறையில், எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம். நாக்குக்குப் பழகிய சொல் தயாரிப்பு நேரத்தைத் தின்னாது. மனத்துக்குள் மட்டும் சொன்ன சொல், வாய்க்கு வரும்போது புதுச் சொல்லாகவே வரும்.

பொதுவாக நேரும் தவறு ஒன்று உண்டு. ஆளை நோக்கி நடக்கும்போது மனத்துக்குள் வசனத்தை ஓட்டுவது. அது உதவி செய்வது போலத் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் கண்ணும் காதும் உள்ளே திரும்பிவிடுகின்றன. எதிரே இருப்பவர் புன்னகைத்திருப்பார், நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். ஒத்திகை வீட்டு வாசலோடு முடிய வேண்டும். கைப்பேசியை நோட்டமிட்டுக்கொண்டே கடப்பதும் இதே வகைதான். அந்த நொடி தப்பித்த நிம்மதி கிடைக்கும், ஆனால் பயம் உண்மையா பொய்யா என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும்.

6. நடக்கும்போது கண்ணுக்கு ஒரு வேலை கொடுங்கள்

"உன்னைப் பற்றி நினைக்காதே" என்று சொன்னால் யாராலும் முடியாது. கவனத்துக்கு வேறு வேலை கொடுத்தால் முடியும். நான் சொல்லிக்கொடுக்கும் வேலை மிகச் சின்னது. வணக்கம் சொல்வதற்கு முன் எதிரே இருப்பவரிடம் ஒரு பொருளைக் கவனியுங்கள். தொப்பியின் நிறம், கையில் உள்ள தேநீர்க் குவளை, காலணி, வானொலியில் ஓடும் பாட்டு. பிறகு வீட்டுக்கு வந்து அதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். எழுத வேண்டும் என்று தெரிந்தால் கண் தானாகவே வெளியே போகும்.

கண்ணுக்குள் கண் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பழைய சூலுக் குடும்பங்களில் மூத்தவர் முன் கண்ணைத் தாழ்த்துவது மரியாதை. நம் வீடுகளிலும் அப்படித்தானே வளர்ந்தோம். முகத்தின் பக்கம் ஒரு நொடி பார்த்தால் போதும்.

"எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்" என்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்வேன். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவர் குழுவினரும் 2000-இல் வெளியிட்டது அது. சங்கடப்படுத்தும் படம் போட்ட சட்டையை ஒரு மாணவருக்கு அணிவித்து, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்தான்.

7. முதல் இரண்டு வாரம்: ஒருவர் வாழ்வில் நடந்தது

உம்ஷ்லாங்கா பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் இளைஞர் ஒருவர் என் வகுப்புக்கு வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், கணினி வேலை. காலையில் லிஃப்டில் இறங்கி, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று, வாசல் காவலர் வேறு பக்கம் திரும்பும்வரை காத்திருந்து வெளியேறுவாராம். எட்டு மாதம் அப்படியே போயிருக்கிறது. அந்தக் காத்திருப்பில் தினமும் மூன்று, நான்கு நிமிடம் போய்விடும் என்றார்.

அவருக்கு நான் கொடுத்த முதல் மூன்று நாள் வேலையில் பேச்சே கிடையாது. கதவின் பின் காத்திருக்காமல் நடக்க வேண்டும், நாலைந்து அடி தூரத்தில் தலையை லேசாக அசைக்க வேண்டும், நிற்கக்கூடாது. தூரம் முக்கியம். பத்தடிக்கு அப்பாலிருந்து தொடங்கினால் நெருங்கும்வரை முகத்தை என்ன செய்வது என்று தெரியாது. அருகில் வந்த பிறகு தொடங்கினால் திடுக்கிடவைப்போம்.

நான்காம் நாள் "சவுபோனா, பாபா." அந்த ஒரு வரிதான். குரல் மெதுவாக வந்ததால் காவலருக்குக் கேட்கவில்லை. இளைஞர் அன்று மாலை என்னை அழைத்து, "அவர் என்னை மதிக்கவில்லை அக்கா" என்றார். பதில் வராததற்குப் பெரும்பாலும் காரணம் ஒலிதான். கூச்சத்தில் மூச்சு மேல் நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது, வரியின் கடைசி எழுத்துகள் தேய்ந்துபோகின்றன. முதலில் மூச்சை வெளியே விட்டுவிட்டு, பிறகு சொல்லச் சொன்னேன். உள்ளே இழுத்துப் பிடித்தால் குரல் இறுகும், வெளியே விட்டால் தளரும். ஐந்தாம் நாள் காவலர் தலை நிமிர்ந்து, "யேபோ! உன்ஜானி?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்.

இரண்டாம் வாரத்தின் நடுவில் காவலரின் பணி நேரம் மாறியது. வாசலில் வேறொருவர் இருந்தார். இளைஞர் மறுபடி கதவின் பின் நின்றுவிட்டார். எல்லாம் வீணாயிற்று என்று நினைத்தார். வீணாகவில்லை. பழகியது அந்த முகத்தோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். புது முகத்தோடு தலையசைப்பிலிருந்து மீண்டும் தொடங்கச் சொன்னேன். முதல் ஆளுக்கு ஐந்து நாள் பிடித்தது. இரண்டாம் ஆளுக்கு இரண்டு நாள். அதன் பிறகு பெட்ரோல் பங்க் ஊழியருக்கு ஒத்திகை தேவைப்படவில்லை.

8. குறிப்பேட்டில் இரண்டே வரி

முதல் வரியை வணக்கத்துக்கு முன் எழுதுங்கள்: என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள்? "சங்கடமாக இருக்கும்" என்று எழுதினால் பயன் இல்லை, அதைச் சரிபார்க்க முடியாது. "பதில் சொல்லமாட்டார்", "முகம் சுளிப்பார்" என்பது போலக் கண்ணால் பார்க்கக்கூடியதை எழுதுங்கள். இரண்டாம் வரியை அதன் பிறகு எழுதுங்கள்: கண் என்ன பார்த்தது, காது என்ன கேட்டது?

உதாரணமாக, அந்த இளைஞரின் ஏழாம் நாள் குறிப்பு இது. முன்: "இவனுக்கு மொழி தெரியவில்லை என்று சிரிப்பார்." பின்: "சிரித்தார். நீலத் தொப்பி. என் உச்சரிப்பைத் திருத்தி, இரண்டு முறை சொல்லிக்காட்டினார்." பயந்தபடியே அவர் சிரித்திருக்கிறார். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பொருள் வேறாக இருந்தது. இப்படிப்பட்ட இடங்களில்தான் மனம் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. பயத்துக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை நேரில் காண்பதுதான் பயிற்சியின் உயிர். எத்தனை முறை சொன்னீர்கள் என்ற எண்ணிக்கை அதற்கு அடுத்ததுதான்.

எழுதி முடித்ததும் குறிப்பேட்டை மூடிவிடுங்கள். இரவில் படுத்துக்கொண்டு அந்தக் காட்சியை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பது கூச்சமுள்ளவர்களின் வழக்கம். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் காட்சி கொஞ்சம் மோசமாகிறது. பகலில் பத்து விநாடி எடுத்த சந்திப்பு இரவில் ஒரு மணி நேரத்தைத் தின்றால், மறுநாள் சோர்வு வராமல் என்ன செய்யும்? அந்த நினைவு வந்தால், "எழுதியாகிவிட்டது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுங்கள். 2018-இல் எரிக்கா பூத்பியும் உடன் ஆய்ந்தவர்களும் காட்டியது இங்கே பொருந்தும். புதிதாகச் சந்தித்துப் பேசியவர்கள், எதிராளிக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதை உண்மையைவிடக் குறைத்தே மதிப்பிட்டார்கள். நம் மனக்கணக்கு வழக்கமாக ஒரே பக்கம்தான் பிழை செய்கிறது.

9. இரண்டாவது வரி: கையில் பொருள் இருக்கும் இடம்

மூன்று வாரம் வணக்கம் மட்டும் போதும். அதன் பிறகு ஒரு கேள்வி சேர்க்கலாம். இதற்கு நான் சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் சந்தைக்கு அனுப்புகிறேன். வெள்ளி, சனிக்கிழமைகளில் கூடும் காய்கறிச் சந்தை அது. அங்கே பேசுபொருள் மேசைமேலேயே குவிந்து கிடக்கிறது.

காலையில் சீக்கிரம் போங்கள். கூட்டம் ஏறிய பிறகு பின்னால் நிற்பவரின் அவசரம் உங்கள் முதுகில் ஏறும். விற்பவர் பெரும்பாலும் நம்மவராக இருப்பார். மூத்த பெண்மணியை இங்கே எல்லோரும் "ஆன்ட்டி" என்றுதான் அழைப்பார்கள். முதலில் வணக்கம், பதில் வரும்வரை காத்திருப்பு, பிறகு கையில் பொருளை எடுத்துக்கொண்டு கேள்வி.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். "வியாபாரம் எப்படி?" என்பது அகலமான கேள்வி, பதில் எங்கே வேண்டுமானாலும் போகும், நீங்கள் தொடர்ந்து ஓட வேண்டியிருக்கும். "இது என்ன விலை?" என்பது ஒரே சொல்லில் முடிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும். இங்கே மதும்பே என்று விற்பது நம் சேப்பங்கிழங்குதான். அதைக் கையில் எடுத்து, "இதை வேகவைத்து உரிப்பீர்களா, உரித்து வேகவைப்பீர்களா?" என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரிந்த விஷயம், சொல்வதற்கு ஆசையான விஷயம், இரண்டு மூன்று வாக்கியத்தில் முடிகிற விஷயம். நீங்கள் செய்ய வேண்டியது கேட்பது மட்டுமே. ஒரு ஆன்ட்டி தன் மாமியார் செய்த புளிக்குழம்பு வரை போய்விட்டார் என்று என் மாணவி சொன்னாள். அவள் பேசியது மொத்தம் மூன்று வரி.

முடிந்ததும் வாங்குங்கள், அரை கிலோவாவது. காசு கொடுத்து மீதி வாங்குவதுதான் அந்தச் சந்திப்பின் கதவு. நன்றி சொல்லி, காலை நகர்த்தி, மூன்றாம் படியின் வரியைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

10. கோயில் மண்டபம் ஏன் கடைசியில்

தமிழர் நடுவில் பேசுவதுதான் எளிது என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது கடினம். வாசல் காவலருக்கு உங்களைப் பற்றித் தெரிய வேண்டியது எதுவும் இல்லை. கோயிலில் "எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எப்போது கல்யாணம்" என்று கேள்விகள் தொடரும். மதிப்பீடு நிஜமாகவே நடக்கும் இடம் அது. ஆகவே அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

இங்கே பிறந்தவர்களுக்கு இன்னொரு முள்ளும் உண்டு. "வணக்கம்" என்று சொல்லிவிட்டால் எதிரே இருப்பவர் தமிழிலேயே தொடர்ந்துவிடுவாரோ, பதில் தெரியாமல் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். அவர்களுக்கு ஒரு வரியைத் தருகிறேன்: "வணக்கம். எனக்குக் கொஞ்சம் தமிழ்தான் தெரியும்." இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் கண்டுபிடிக்கப்படுவோம் என்ற பயம் போய்விடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த வரியைக் கேட்டால், "தமிழனாகப் பிறந்து தமிழ் தெரியாதா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியால் வகுப்பைவிட்டு நின்றவர்களை எனக்குத் தெரியும்.

மண்டபத்தில் நேராக உட்காரும் கூட்டத்துக்குப் போகாதீர்கள். சமையற்கட்டுக்குப் போங்கள். ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாளிலும் புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும் காய் நறுக்க ஆள் போதாது. "வணக்கம் அக்கா, நான் எதை நறுக்கட்டும்?" என்பது இருக்கிற முதல் வரிகளிலேயே மிக நல்லது. வேலை கிடைக்கும், கை எங்கே வைப்பது என்ற கேள்வி எழாது, கண் காயில் இருக்கும், மௌனம் விழுந்தாலும் யாருக்கும் அது மௌனமாகத் தெரியாது. பக்கத்தில் நறுக்குகிறவர் ஏதாவது சொன்னால் கேட்கலாம். சொல்லாவிட்டால் நறுக்கலாம்.

ஒரு நாளைக்கு இப்படி ஓர் இடம் போதும். கோயிலுக்குப் போகும் நாளில் சந்தைப் பயிற்சி வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கால் மணி நேரமாவது தனியாக இருங்கள். மூன்று வேலையில் இரண்டைக் குறைத்தாலும் பழகும்வரை உழைப்பு உழைப்புதான்.

11. இந்தப் பயிற்சி போதாத இடம்

கூச்சத்துக்கு ஓர் எல்லை உண்டு. கடைக்குப் போகாமல் பட்டினி கிடக்கிறீர்கள், வேலை நேர்காணலைத் தவறவிடுகிறீர்கள், மற்றவர் முன் சாப்பிடவே முடியவில்லை, ஆறு மாதத்துக்கும் மேலாக இப்படியே இருக்கிறது என்றால் அது சமூகப் பதற்ற நோயாக இருக்கலாம். அதற்குத் தக்க சிகிச்சை உண்டு. எண்ணங்களையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் உளவியல் சிகிச்சைதான் முதலில் பரிந்துரைக்கப்படுகிறது. சிலருக்கு மருந்தும் தருவார்கள். உங்கள் மருத்துவரிடம் மேலே எழுதிய அடையாளங்களை அப்படியே சொல்லுங்கள். நேரில் போய்ச் சொல்வதே முடியாது என்றால், மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு உதவும், சாடாக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தென் ஆப்பிரிக்க அமைப்பு தொலைபேசியிலேயே ஆலோசனை தருகிறது. தொலைபேசியில் பேசுவதும் கடினம் என்றால் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிவைத்துப் படியுங்கள். எடுப்பவர் பொறுமையாகக் கேட்பார்.

இன்னொரு நிலைமையும் உண்டு. படிகளைச் சரியாகச் செய்தும் நான்காம் வாரத்தில் பயம் முதல் நாள் போலவே இருக்கிறது என்றால், குறிப்பேட்டைத் திறந்து இரண்டாம் வரிகளைப் படித்துப் பாருங்கள். அங்கே "நான் உளறினேன்", "என் முகம் சிவந்தது" என்று உங்களைப் பற்றியே இருந்தால் ஆறாவது படி இன்னும் வேலை செய்யவில்லை என்று பொருள். மறுநாள் வணக்கமே சொல்லாமல், தொப்பியின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.